இத்தாலிய மெனுவில் அல் தெந்தே, அல் ஃபோர்னோ: கேள்வி பதில்

ரோமில் கேட்ட பாஸ்தா நடுவில் வேகாமல் வந்தது. அல் தெந்தே என்றால் அரைவேக்காடா?

இல்லை. கடிக்கும்போது பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு துண்டைக் கடித்துவிட்டு வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெளிர் புள்ளி இருந்தால் பதம் சரி. அது அகலமாக இருந்து, மாவு பல்லில் அப்பினால் வேகவில்லை. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஓரிரு நிமிடம் முன்பே வடித்து, மீதியைச் சாஸிலேயே வேகவிடுவது அங்கே வழக்கம். இதெல்லாம் உலர்ந்த பாஸ்தாவுக்கு. முட்டை சேர்த்துப் பிசைந்த புதுப் பாஸ்தாவும் உருளைக்கிழங்கு நியோக்கியும் இயல்பிலேயே மென்மையானவை, அவற்றில் புள்ளியைத் தேடாதீர்கள்.

அல் ஃபோர்னோ என்றால் மேலே சீஸ் உருக்கிப் போட்டது, சரிதானே?

பாஸ்தாவுக்கு அநேகமாகச் சரி. மற்றவற்றுக்கு இல்லை. ஃபோர்னோ என்பது ஓவன். பத்தாத்தே அல் ஃபோர்னோ கேட்டால் எண்ணெயும் ரோஸ்மேரியும் போட்டு ஓரம் முறுகச் சுட்ட உருளைக்கிழங்கு வரும், சீஸ் இருக்காது. எதைச் சுட்டிருக்கிறார்கள் என்பது முன்னால் நிற்கும் சொல்லில்தான் இருக்கிறது.

மீன் அல் ஃபோர்னோவுக்கு 6 யூரோ என்று மெனுவில் இருந்தது. பில்லில் 48 யூரோ! ஏமாற்றிவிட்டார்கள்.

விலைக்குப் பக்கத்தில் அல்லெத்தோ என்று இருந்ததா? 100 கிராமுக்கு என்று பொருள். உங்களுக்கு முழு மீன் வந்திருக்கும். 800 கிராம் என்றால் எட்டு மடங்கு, கணக்கு 48தான். பொதுவாகச் சமைக்கும் முன் நிறுத்த எடைக்குத்தான் காசு, தலையும் முள்ளும் அதில் சேர்த்தி. அடுத்த முறை மீனைக் காட்டச் சொல்லி, எடையையும் மொத்த விலையையும் கேட்டபிறகு சரி சொல்லுங்கள். காய்கறியும் கூடவே வரும் என்று இருந்துவிடாதீர்கள். அது கொந்தோர்னி என்ற பகுதியில் தனியாக இருக்கும், தனியாகச் சொல்ல வேண்டும்.

நான் சுத்த சைவம். பீட்சாவில் பெப்பரோனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லசான்யா அல் ஃபோர்னோ சாப்பிடலாமா?

இத்தாலியில் பெப்பரோனி என்பது நீங்கள் நினைக்கும் தொத்திறைச்சி அல்ல, குடைமிளகாய். நீங்கள் வேண்டாம் என்றது அதைத்தான். லசான்யாவில் கவனம் தேவை. மெனுவில் வேறு விவரம் இல்லாவிட்டால் உள்ளே ராகூ என்ற கொத்துக்கறிச் சாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'சென்ஸா கார்னே?' என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமலா என்று அர்த்தம். இன்னொன்று, லசான்யாவில் போடும் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டி இரைப்பை நொதி போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். உங்கள் சைவத்துக்கு அது ஒத்துவருமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் பாஸ்தா அல் ஃபோர்னோ செய்தால் குழைந்துபோகிறது. அதற்கும் அல் தெந்தே உண்டா?

பாக்கெட் நேரத்தில் பாதி ஆனதுமே வடித்துவிடுங்கள். சாஸ் கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும், ஓவனில் பாஸ்தா அதை இழுத்துக்கொள்ளும். உள்ளே எவ்வளவு மென்மை என்பதில் இத்தாலிய வீடுகளே ஒத்துப்போவதில்லை. எனக்கு உள்ளே மெத்தென்றும் மேலே மொறுமொறுப்பாகவும் இருந்தால்தான் பிடிக்கும்.