வரி விளம்பரம்: 2,730 ரூபாய் எப்படி 3,780 ஆனது?

கேள்வி: ஐயா, தண்டையார்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டை விற்க பேப்பரில் வரி விளம்பரம் கொடுக்கப் போகிறேன். வரிக்கு 120 ரூபாய், வரிக்கு நாலு சொல், குறைந்தது 4 வரி, கலர் வேண்டுமென்றால் 25 சதவீதம் கூடுதல் என்றார்கள். நான் எழுதியது: "தண்டையார்பேட்டை மெட்ரோ அருகில் தனி வீடு விற்பனைக்கு உள்ளது. கிழக்கு பார்த்த மனை 600 சதுர அடி. தரைத்தளம் மற்றும் முதல் தளம். மெட்ரோ தண்ணீர் மற்றும் போர் வசதி உண்டு. புரோக்கர்கள் தொடர்பு கொள்ள வேண்டாம். தொடர்புக்கு", அப்புறம் என் செல் நம்பர். 7 வரி, 3 நாளுக்கு 2,520, கலருக்கு 210, ஆக 2,730 என்பது என் கணக்கு. பழைய வண்ணாரப்பேட்டை ஏஜென்ட் 3,780 கேட்கிறார். தங்கசாலையில் இன்னொருவர், அதே பேப்பருக்கு, "ரெண்டு நாள் காசு, மூணு நாள் வரும்" என்று சொல்லி 2,772 என்கிறார். ஏமாற்றுகிறார்களா? யாரிடம் கொடுக்கலாம்?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இருவருமே ஏமாற்றவில்லை. நீங்கள் சொன்ன ரேட்டை வைத்துப் போட்டுப் பார்த்தால் இரண்டு தொகையும் பைசா பிசகாமல் வருகிறது. உங்கள் கணக்கில்தான் மூன்று இடத்தில் பணம் விட்டுப்போயிருக்கிறது. ஆனால் இந்த வீட்டுக்கு 2,772 கூட அதிகம்தான்.

முதலில் வரி. நீங்கள் கையால் எழுதியபோது ஏழு வரியில் அடங்கியிருக்கும். பேப்பர்காரர்களுக்கு உங்கள் கையெழுத்து கணக்கில்லை, சொல்தான் கணக்கு. எண்ணிப் பாருங்கள், செல் நம்பரோடு சேர்த்து 29 சொல். ஏழு வரிக்கு 28 சொல்தான் பிடிக்கும். "கொள்ள", "வேண்டாம்", "தொடர்புக்கு" எல்லாம் ஏழாவது வரியோடு முடிந்துவிட, உங்கள் நம்பர் மட்டும் எட்டாவது வரியில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல் வந்தாலும் முழு வரிக்காசு. அந்த ஒற்றை நம்பருக்காக மட்டும், கலரும் வரியும் சேர்த்து, மூன்று நாளுக்கு 472 ரூபாய் 50 பைசா கட்டப் போகிறீர்கள். "உள்ளது" என்ற ஒரு சொல்லை அடித்திருந்தாலே அது மிச்சம்.

எட்டு வரி என்றால் ஒரு நாளைக்கு 960 ரூபாய், மூன்று நாளைக்கு 2,880. அடுத்தது கலர். 25 சதவீதத்தை நீங்கள் ஒரு நாளுக்கு மட்டும் போட்டிருக்கிறீர்கள். கலர் ஒவ்வொரு நாள் அச்சுக்கும் தனித்தனியாக உண்டு. நாளைக்கு 240, மூன்று நாளைக்கு 720. இப்போது 3,600 ஆகிவிட்டது. கடைசியாக ஜிஎஸ்டி. அச்சுப் பத்திரிகை விளம்பர இடத்துக்கு 5 சதவீதம், அதாவது 180 ரூபாய். மொத்தம் 3,780. உங்கள் தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 1,050. அதில் விட்டுப்போன வரிக்கு 360, கலருக்கு 510, ஜிஎஸ்டிக்கு 180.

எந்த ஏஜென்ட் தொகை சொன்னாலும் இதே வரிசையில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். வரிக் கட்டணத்தை வரி எண்ணிக்கையால் பெருக்கி ஒரு நாள் தொகை, அதன்மேல் கலர், பிறகு நாள், கடைசியில் ஜிஎஸ்டி. பேக்கேஜ் இல்லாதவரை கலரை முதலில் போட்டாலும் நாளை முதலில் போட்டாலும் விடை ஒன்றுதான். இலவச நாள் என்று ஒன்று நுழைந்ததும்தான் கணக்கு பிசகும்.

தங்கசாலைக்காரர் கணக்கில் நடந்தது அதுதான். இரண்டு நாள் வரிக்காசு 1,920. ஆனால் கலரை அவர் மூன்று நாளுக்கும் போட்டிருக்கிறார், 720. கூட்டினால் 2,640, ஜிஎஸ்டி 132, ஆக 2,772. அதாவது மூன்றாம் நாள் வரிக்கு இலவசம், கலருக்கு இல்லை. கலரும் இலவசத்தில் சேரும் என்றால் 2,520தான் வர வேண்டும். இதில் தப்பு என்று எதுவும் இல்லை, பேக்கேஜ் விதி எப்படியோ அப்படி. "ஃப்ரீ நாளுக்கும் கலர் சார்ஜ் உண்டா?" என்ற ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். 252 ரூபாய் அதில் நிற்கிறது.

இந்த பேக்கேஜ் ஏஜென்ட் தன் கையிலிருந்து கொடுக்கும் தள்ளுபடி என்று நினைக்க வேண்டாம். ரேட் கார்டும் பேக்கேஜும் பத்திரிகை அச்சிட்டுத் தருபவை. ஏஜென்சிக்குரிய கமிஷன், வழக்கமாக 15 சதவீதம், பத்திரிகையிடமிருந்து வந்துவிடும். அதே பேப்பர், அதே சென்னைப் பதிப்பு என்றால் பழைய வண்ணாரப்பேட்டைக்காரரிடமும் அந்தப் பேக்கேஜ் இருக்க வேண்டும். அவரிடம் திரும்பிப் போய்க் கேளுங்கள். கேட்காதவரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு அவசியம் இல்லையே! உங்கள் வீட்டுக்கு யார் பக்கமோ அவரிடம் கொடுத்தால் போதும். யாராவது "சர்வீஸ் சார்ஜ்" என்று தனியாக ஒரு தொகை சேர்த்தால் அது எதற்கு என்று கேளுங்கள். அந்தச் சேவைக் கட்டணத்துக்கு மட்டும்தான் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்த பில்லுக்கும் 18 போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது தொகையைக் குறைக்கும் வேலைக்கு வருவோம். ஏஜென்டிடம் பேரம் பேசுவதைவிட உங்கள் வாசகத்திடம் பேரம் பேசினால் அதிகம் கிடைக்கும். இந்த விளம்பரம் "வீடு விற்பனை" என்ற தலைப்பின் கீழ்தான் வரும். அங்கே வந்து பார்ப்பவருக்கு "விற்பனைக்கு உள்ளது" என்று மறுபடி சொல்ல வேண்டாம். "மற்றும்" இரண்டு முறை வந்திருக்கிறது, இரண்டுமே தண்டச் செலவு. "வசதி உண்டு" போகலாம். புரோக்கர் வேண்டாம் என்பதற்கு நாலு சொல் செலவழித்திருக்கிறீர்கள், "உரிமையாளர்" என்ற ஒரே சொல் அந்த வேலையைச் செய்யும். (எப்படி எழுதினாலும் புரோக்கர்கள் கூப்பிடத்தான் போகிறார்கள், அது வேறு விஷயம்.) நம்பர் கண்ணுக்குத் தெரியும்போது "தொடர்புக்கு" எதற்கு?

நீங்கள் விட்டுவிட்ட ஒன்று மட்டும் கட்டாயம் உள்ளே வர வேண்டும், பட்டா. நம் பக்கத்துப் பழைய மனைகளுக்கு வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். பட்டா உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்தால் அந்த ஒரு சொல், கலரைவிட அதிகம் பேசும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

தண்டையார்பேட்டை மெட்ரோ அருகில் தனிவீடு
கிழக்கு 600 சதுரடி தரை,
முதல் தளம், பட்டா, மெட்ரோ
தண்ணீர், போர். உரிமையாளர் (செல் நம்பர்)

சரியாக 16 சொல், நாலு வரி. இதற்குக் கீழே வெட்டிப் பயனில்லை, குறைந்தபட்சமே நாலு வரி என்பதால் மூன்று வரிக்கு எழுதினாலும் நாலு வரிக்காசுதான். "தனிவீடு", "சதுரடி" இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறேன், பேச்சிலும் எழுத்திலும் பழகிய சொற்கள் என்பதால் யாரும் மறுக்க மாட்டார்கள். அதற்காக "மெட்ரோதண்ணீர்" என்று ஒட்டிக் கொடுத்தால் கவுன்டரில் பிரித்து எண்ணிவிடுவார்கள்.

நாலு வரிக்கு நாளைக்கு 480. இரண்டு நாள் காசு 960, ஜிஎஸ்டி 48, மூன்று நாள் விளம்பரம் 1,008 ரூபாயில் முடிகிறது. மூன்று நாளும் கலர் வேண்டுமென்றால் 360 சேர்த்து, ஜிஎஸ்டியோடு 1,386.

கலர் வேண்டாம் என்பது என் எண்ணம். வரி விளம்பரத்தில் கலர் என்றால் பெரும்பாலும் எழுத்துக்குப் பின்னால் வெளிர் மஞ்சளோ பச்சையோ ஒரு பட்டை. புக்கிங்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பேப்பரை வாங்கி அந்தப் பத்தியைப் பாருங்கள். பத்தில் ஒன்றிரண்டு மட்டும் கலரில் இருந்தால் உங்களுடையது கண்ணில் படும், காசு கொடுக்கலாம். பாதிக்கு மேல் கலராக இருந்தால் வெள்ளையாக இருப்பதும் கலராக இருப்பதும் ஒன்றுதான். இன்னொன்று, சில பத்திரிகைகளில் கலர் சதவீதமாக இருக்காது, ஒரு விளம்பரத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக இருக்கும். அங்கே வரியைக் குறைத்தாலும் கலர் காசு குறையாது, சின்ன விளம்பரத்துக்கு அது பாரம்.

கலரில் மிச்சமாகும் பணத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். வீடு தேடுபவர்கள் அன்றுதான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு போன் போடுவார்கள். ஞாயிறுக்கு ரேட் தனி என்றால் இலவச நாள் ஞாயிறாக அமையாது, வார நாளைத்தான் தள்ளித் தருவார்கள். மூன்று நாளும் அடுத்தடுத்து வர வேண்டுமா, இரண்டு ஞாயிறுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாமா என்பதையும் பேக்கேஜ் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். முதல் நாளே வீடு முடிந்துவிட்டாலும் மீதி நாளுக்குப் பணம் திரும்பாது என்பது பொதுவான நிபந்தனை.

பேப்பரை மாற்றினால் எண்ணும் முறையும் மாறலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லுக்குப் பதில் எழுத்தை எண்ணும் இடங்களில் இடைவெளியும் புள்ளியும்கூட ஓர் எழுத்து. தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. "தண்டையார்பேட்டை" நமக்கு 8 எழுத்து. கம்ப்யூட்டர், மெய்ப்புள்ளியையும் துணைக்கால், கொம்பு போன்ற குறிகளையும் தனித்தனியாக எண்ணி அதை 15 என்று காட்டும். ஆன்லைனில் நீங்களே டைப் செய்து புக் செய்தால் திரையில் வரும் வரி எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள், மனக்கணக்கை நம்ப வேண்டாம்.

பணம் கட்டும் முன் புரூஃப் கேட்டு, செல் நம்பரை மட்டும் ஒவ்வொரு எண்ணாக, வீட்டில் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். நம்பர் தப்பாக வந்து, அது அவர்கள் பிழை என்றாலும், பொதுவாகக் கிடைப்பது இன்னொரு நாள் அச்சுதான், நஷ்டஈடு இல்லை. நீங்கள் கொடுத்த தாளிலேயே தப்பு இருந்தால் அதுவும் கிடையாது. அதனால் கொடுத்த வாசகத்தின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

ஜிஎஸ்டி எண் போட்ட பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு விற்றபின் மூலதன ஆதாய வரி கணக்கிடும்போது, விற்பனைக்காகவே செய்த செலவை விற்ற விலையிலிருந்து கழிக்கலாம். புரோக்கர் கமிஷன் போல விளம்பரச் செலவும் அதில் சேரும். பில்லோடு, விளம்பரம் வந்த பக்கத்தையும் தேதி தெரிகிற மாதிரி வெட்டிச் சேர்த்து வைத்து ஆடிட்டரிடம் கொடுங்கள்.