சேவை ஒருபக்கமாகவே போகும்போது செலவை எந்த வரிசையில் பகிர்வது?

கேள்வி: பணியாளர் துறை எல்லாத் துறைகளுக்கும் சேவை செய்கிறது, அதற்கு எந்தத் துறையும் செய்வதில்லை. பராமரிப்புத் துறை உற்பத்திக்கு மட்டும் சேவை செய்கிறது. பணியாளர் துறையின் செலவு 60,000. பராமரிப்பின் செலவு 90,000. செலவு மிகுந்த துறையில்தானே தொடங்க வேண்டும்?

பதில்: அந்த வழக்கம், சேவைத் துறைகள் ஒன்றுக்கொன்று சேவை செய்துகொள்வதால் எதை முதலில் எடுப்பது என்று தெரியாத நிலைக்கு உரியது. உங்கள் நிலையில் சேவை போகும் திசையே வரிசையைத் தீர்மானித்துவிடுகிறது. பராமரிப்பில் 10 பேர், ‘அ’ பிரிவில் 30 பேர், ‘ஆ’ பிரிவில் 20 பேர் என்று கொள்வோம். 60,000-ஐ இந்த 60 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 1,000 ஆகும். பராமரிப்புக்கு 10,000, ‘அ’வுக்கு 30,000, ‘ஆ’வுக்கு 20,000 போகும். இப்போது பராமரிப்பின் செலவு 1,00,000. பராமரிப்பு நேரத்தில் ‘அ’ 400 மணியும் ‘ஆ’ 600 மணியும் பயன்படுத்தியிருந்தால், முடிவில் ‘அ’வின் சுமை 70,000, ‘ஆ’வின் சுமை 80,000. பணியாளர் துறைக்குத் திரும்பி வர வேண்டியது எதுவும் இல்லாததால் இது தோராயமன்று. சமன்பாடு போட்டுத் தீர்த்தாலும் இதே விடைதான் வரும்.

கேள்வி: நான் பராமரிப்பில் தொடங்கிப் பார்த்தேன். அப்போதும் மொத்தம் 1,50,000 வருகிறது. பிறகு என்ன தவறு?

பதில்: மொத்தம் எந்த வரிசையிலும் ஒத்துவரும், ஆகவே அது வரிசைக்குச் சாட்சியாகாது. நீங்கள் பராமரிப்பை முதலில் மூடிவிட்டதால், பிறகு பணியாளர் துறையின் செலவில் அதற்குரிய பங்கை வைக்க இடமில்லாமல் போய், 60,000 முழுவதும் உற்பத்தியின் 50 பேர் மேல் விழுந்திருக்கும். உங்கள் விடை ‘அ’ 72,000, ‘ஆ’ 78,000 என்று இருக்க வேண்டும். சேவைத் துறைகளுக்கிடையே எதையும் பகிராத நேரடி முறையிலும் இதே எண்கள்தான் வரும். வரிசை தலைகீழானதை இதிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

கேள்வி: அதே கணக்கை நானும் சரியான வரிசையில் போட்டேன். பணியாளர் துறையில் வேலை செய்யும் 5 பேரையும் சேர்த்து 65 பேருக்குப் பகிர்ந்தேன். ஏறக்குறைய 4,600 குறைகிறது.

பதில்: அந்தத் தொகை பணியாளர் துறையிலேயே தங்கிவிட்டது. பகிரும் துறையின் ஆட்களை அடிப்படையிலிருந்து நீக்கி, 60 பேருக்குப் பகிருங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பராமரிப்பு ஆட்கள் எப்போதாவது பணியாளர் துறையின் அறைக்கும் பழுதுபார்க்க வருவார்கள். அப்போது இந்த முறை செல்லுமா?

பதில்: கறாராகப் பார்த்தால், அது ஒருவழிச் சேவை அன்று. மேற்கண்ட எண்களில் பராமரிப்பு நேரத்தில் 1 சதவீதம் பணியாளர் துறைக்குப் போனதாக வைத்துச் சமன்பாடு போட்டால், ‘அ’வின் சுமை ஏறத்தாழ 170 மட்டுமே கூடுகிறது. இதற்காக முறையை மாற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எத்தனை சதவீதத்துக்கு மேல் மாற்ற வேண்டும் என்பதில் கணக்கர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை; நான் அந்த வித்தியாசம் பொருளின் விலையை மாற்றுகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.