இன்வாய்ஸ் ஐட்டங்கள் மொத்தத்தோடு டேலி ஆகாதபோது: கேள்வி பதில்

கேள்வி: ஸ்கேன் செய்த இன்வாய்ஸிலிருந்து ஐந்து தொகை வந்தது: 546.00, 654.00, 253.75, 1480.00, 80.00. கூட்டினால் 3013.75. தாளில் வரிக்கு முந்தைய மொத்தம் 2853.75 என்று இருக்கிறது. தப்பு எங்கே?

வித்தியாசம் 160. முதலில் அந்த எண்ணை ஐட்டங்களோடு ஒப்பிடுங்கள். அதே தொகையில் ஒரு ஐட்டம் இருந்தால், அது இரண்டு முறை வந்திருக்கலாம். உங்கள் பட்டியலில் 160 இல்லை. அடுத்து அதன் பாதியைப் பாருங்கள்: 80, கடைசி ஐட்டம். கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டால், அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்குதான் வித்தியாசம் வரும். ஆகவே அந்த 80 தள்ளுபடியாக இருக்க வேண்டும். தாளில் (80.00) என்று அடைப்புக்குறிக்குள்ளோ, 80.00- என்று கழித்தல் குறி பின்னாலோ அச்சாகியிருக்கும், நிரல் எண்ணை மட்டும் எடுத்திருக்கும். -80 என்று மாற்றினால் 2853.75 சரியாக வரும். ஆனாலும் கணக்கு ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் மாற்றிவிடாதீர்கள், படத்தில் அந்த இடத்தைப் பார்த்த பிறகு மாற்றுங்கள்.

பல பக்க இன்வாய்ஸ் என்றால் நான் முதலில் பார்ப்பது பக்கம் மாறும் இடத்தைத்தான். அங்கே ஒரு ஐட்டம் விடுபட்டுப் போகும், அல்லது முன்பக்கத் தொகை இன்னொரு ஐட்டமாக உள்ளே வந்துவிடும்.

கேள்வி: வித்தியாசம் 9 ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்பார்களே, அதை வைத்தே பிடிக்கலாமே?

கையால் தட்டச்சு செய்த தரவுக்கு அது நல்ல வழி. 546 ஐ 564 என்று அடித்தால் வித்தியாசம் 18. ஆனால் ஓசிஆர் பெரும்பாலும் இலக்கங்களை இடம் மாற்றுவதில்லை, ஒன்றை இன்னொன்றாகப் படிக்கிறது. 3 ஐ 8 என்று படித்தால் வித்தியாசம் 5, 50, 500 என்று வரும். அதனால் 9 ஆல் வகுபடவில்லை என்றவுடன் இலக்கப் பிழை இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 1% வரை வித்தியாசம் இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம். பைசா விஷயம்தானே அக்கா, போதாதா?

போதாது. 50,000 மொத்தத்தில் 1% என்றால் 500. அந்த இடைவெளியில் ஒரு முழு ஐட்டமே காணாமல் போகலாம். ஐட்டத் தொகைகள் ஏற்கெனவே இரண்டு தசம இடங்களுக்கு அச்சாகியிருக்கின்றன, அவற்றின் கூட்டுத்தொகையில் முழுமையாக்கலுக்கு வேலையே இல்லை. அங்கே ஒரு பைசாகூட விடக் கூடாது.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் வரி. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியாக வரி போட்டு முழுமையாக்கியிருந்தால், ஐட்டம் ஒன்றுக்கு அதிகபட்சம் 0.005 விலகும். நாற்பது ஐட்டத்துக்கு 0.20 வரை அனுமதிக்கலாம். சதவீதத்தை வைத்து அளக்காதீர்கள், ஐட்டங்களின் எண்ணிக்கையை வைத்து அளவிடுங்கள்.

கேள்வி: என் நிரலில் எல்லாம் சரியாக இருந்தும் சில இன்வாய்ஸ்கள் "பொருந்தவில்லை" என்று திரும்புகின்றன. வித்தியாசத்தை அச்சிட்டால் 0.0000000001 மாதிரி ஏதோ வருகிறது.

நீங்கள் float பயன்படுத்துகிறீர்கள். பணத்துக்கு அது வேண்டாம். தொகையை எழுத்துச் சரமாகவே எடுத்து மாற்றுங்கள்:

```python
from decimal import Decimal
rows = ["546.00", "654.00", "253.75", "1480.00", "-80.00"]
diff = sum(map(Decimal, rows)) - Decimal("2853.75")
print(diff == 0)   # True
```

`Decimal(0.1)` என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் பழைய பிழை அப்படியே உள்ளே வந்துவிடும், கவனம்.

கேள்வி: எனக்கு வந்த இன்வாய்ஸில் சப்ளையரே தப்பாகக் கூட்டியிருக்கிறார். மொத்தத்தை நான் திருத்திப் பதிவு செய்துவிட்டேன். சரிதானே?

இல்லை. தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் பதிவாக வேண்டும். நீங்கள் திருத்திய எண்ணுக்கு எந்த ஆவணமும் இல்லை. தாளில் உள்ள மொத்தத்தையே வைத்து, "கூட்டல் பொருந்தவில்லை" என்று குறித்து நிறுத்தி வையுங்கள். திருத்திய இன்வாய்ஸைச் சப்ளையரிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் டேலி ஆகிவிட்டது. அப்படியே ஏற்றிவிடலாமா?

முதலில் அந்த மொத்தம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சில நிரல்கள் மொத்தம் தெளிவாகத் தெரியாதபோது ஐட்டங்களைத் தாங்களே கூட்டி அந்த இடத்தில் போட்டுவிடும். அப்போது நீங்கள் ஒரே எண்ணை அதே எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள். எத்தனை ஐட்டம் விடுபட்டாலும் டேலி ஆகும். மொத்தம் படிக்க முடியவில்லை என்றால் அது காலியாகத்தான் வர வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு ஐட்டத்திலும் அளவு × விலை = தொகை என்று பாருங்கள். 12 × 45.50 = 546.00 என்பது பொருந்தினால் மூன்று எண்களுக்கும் நம்பிக்கை கூடும். இருந்தும் அளவும் விலையும் இடம் மாறி வந்தால் பெருக்கல் அதைக் காட்டாது. தொகை 0.00 உள்ள ஐட்டம் விடுபட்டாலும் கூட்டலில் தெரியாது. அந்த இரண்டுக்கும் தாளைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரே இன்வாய்ஸில் சில விலைகள் வரி சேர்த்தும் சில சேர்க்காமலும் இருந்தால்? எது எது என்று தாளில் எழுதவும் இல்லை.

இதற்கு எனக்குத் திருப்தியான விதி கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஐட்டத்தையும் இரண்டு விதமாகவும் வைத்து, மொத்தம் பொருந்தும் சேர்க்கையைத் தேடலாம். ஐட்டங்கள் கூடக் கூட ஒன்றுக்கு மேற்பட்ட சேர்க்கைகள் பொருந்திவிடுகின்றன, எது உண்மை என்று கணக்கால் சொல்ல முடிவதில்லை. நான் அவற்றை ஆள் பார்க்கும் வரிசைக்கு அனுப்புகிறேன். வேறு வழி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.