சரியும் கவுனை இடுப்பில் பிடித்து நிறுத்துவது

கேள்வி: கல்லடியில் வீட்டில் வைத்துத் தைக்கிறேன். சேர்ச் கல்யாணத்துக்குத் தோள்பட்டி இல்லாத சாட்டின் கவுன். எல்லாத் தையலிலும் பிளாஸ்டிக் போனிங் வைத்தும் மேல்பகுதி கீழே சரியுது, இடுப்பில் போனிங் மடிஞ்சு நிக்குது. எல்லாத்தையும் கழற்றி ஸ்டீல் போடணுமா?

பதில்: எல்லாவற்றையும் கழற்றத் தேவையில்லை. போனிங்கின் வேலை துணியைச் சுருங்கவிடாமல் நிமிர்த்தி வைப்பது மட்டும்தான். பாவாடையின் பாரத்தை இடுப்பு தாங்க வேண்டும். அதற்கு உள்ளே ஓர் இடுப்புப் பட்டி வேண்டும்.

ஒரு அங்குல அகலமான, இழுபடாத வரிரிப்பன் எடுங்கள். கவுனின் இடுப்பு 28 அங்குலமானால் பட்டி முடிந்த அளவில் 27½ அங்குலம் இருக்கட்டும். இரு முனையும் மடித்துத் தைக்க 3 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். இடுப்புக் கோட்டில், உள்துணியின் ஒவ்வொரு தையலிலும் கையால் பிடித்துத் தையுங்கள். சிப்பின் இருபுறமும் 2 அங்குலம் தைக்காமல் விட்டுவிட வேண்டும். முனைகளுக்கு இரண்டு ஹூக். உடுத்தும்போது முதலில் இந்த ஹூக்கை மாட்டி, பிறகுதான் சிப்பை இழுப்பது. அப்போது சிப்பிலும் இழுவை குறையும்.

இனி மடிவது. பிளாஸ்டிக் உடல் சூட்டில் இளகி, வளைந்த இடத்திலேயே வளைந்து நின்றுவிடும். கச்சான் காலத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மார்பு வளைவுத் தையலிலும் பக்கத் தையலிலும் மட்டும் சுருள் ஸ்டீல் போடுங்கள். அது எந்தப் பக்கமும் வளைந்து நிமிரும். சிப்பின் இருபுறமும் தட்டை ஸ்டீல். அது முன்பின்னாக மட்டுமே வளையும் என்பதால் வளைவான தையலுக்கு ஆகாது. மற்றப் பின்தையல்களில் பிளாஸ்டிக்கே போதும், ஆனால் சுருட்டி வைத்திருந்ததால் வந்த வளைவைத் துணி போர்த்தி, இளஞ்சூட்டு அயனால் எடுத்துவிடுங்கள்.

போனிங் நுழையும் உறையைச் சாட்டினில் தைக்காதீர்கள், வரி வெளியே தெரியும். உள்ளே தடித்த பருத்தித் துணியில் தையுங்கள். கால் அங்குல ஸ்டீலுக்கு உறையின் இரு தையலுக்கும் இடையே 3/8 அங்குலம் போதும்; அகலம் கூடினால் ஸ்டீல் உள்ளே புரளும். முதலில் உறை, பிறகுதான் ஸ்டீலை நுழைப்பது. ஸ்டீல் மேல் ஊசி விழுந்தால் ஊசி உடையும்.

நீளம்தான் அதிகம் தவறும் இடம். மேல் கீழ்த் தையல் கோடுகளுக்கு இடையே 11 அங்குலமானால், மூடியோடு சேர்த்து ஸ்டீல் 10½ அங்குலம். சரிக்குச் சரி வெட்டினால் இறுகி வெளியே வில்லாக வளையும், நாளடைவில் துணியைத் துளைக்கும். வெட்டிய முனைக்கு மூடி போட்டுக் குறட்டால் நெரித்துவிடுங்கள். மூடாத முனை வியர்வையில் துருப்பிடித்து சாட்டினில் கறை விடும்.

சாட்டினைப் பொருத்துமுன் உள்துணியை மட்டும் போட்டு, பட்டியின் ஹூக்கை மாட்டி, பின்பக்கத்தை ஊசியால் பிடித்துக் கதிரையில் இருக்கச் சொல்லுங்கள். கீழ்முனை தொடையில் குத்தினால் ஸ்டீல் நீளம். கையை உயர்த்தியும் மேல்விளிம்பு இறங்காவிட்டால் பட்டி சரி. இறங்கினால் ஹூக்கை கால் அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள்.