போனஸ் பங்கு வந்தது, உழைப்பு குறைந்ததா?

கேள்வி: போன வருட அறிக்கையில் பங்கொன்றுக்கான உழைப்பு 5 ரூபாய். இவ்வருடம் இலாபம் கூடியும் 4.40 என்கிறார்கள். போன வருடத்தையும் 4 ரூபாயாக மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள். இடையில் நான்குக்கு ஒன்று போனஸ் தந்தார்கள். என்னிடம் முன்பு 1,000 பங்குகள் இருந்தன. எனக்கு நட்டமா? – வெள்ளவத்தை வாசகர்

பதில்: நட்டமில்லை. உங்கள் கையில் இப்போது 1,250 பங்குகள் இருக்கின்றன. பழைய 1,000 பங்குகளுக்குத் தலா 5 ரூபாய் என்றாலும், 1,250 பங்குகளுக்குத் தலா 4 ரூபாய் என்றாலும், போன வருட இலாபத்தில் உங்கள் பங்கு அதே 5,000 ரூபாய்தான். இவ்வருடம் அது 5,500.

நிறுவனத்தின் பக்கமிருந்து பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, போனஸுக்கு முன் 100 மில்லியன் பங்குகள் இருந்ததாக வைத்துக்கொள்கிறேன். வரி, சிறுபான்மையினருக்குரிய பகுதி, முன்னுரிமைப் பங்கிலாபம் எல்லாம் கழிந்த பின் சாதாரண பங்குதாரருக்கு எஞ்சுவதே இங்கே இலாபம். அது போன வருடம் 500 மில்லியன், இவ்வருடம் 550 மில்லியன். பங்குகள் 125 மில்லியன் ஆகிவிட்டதால் 550ஐ 125ஆல் வகுத்தால் 4.40 வருகிறது. போன வருட 500ஐயும் அதே 125ஆல் வகுத்தால் 4. ஆக, வளர்ச்சி 10 வீதம். பழைய 5 ரூபாயோடு ஒப்பிட்டால் மட்டுமே 12 வீத வீழ்ச்சி போலத் தெரியும்.

போனஸ் ஒக்டோபர் முதலாம் திகதி வந்திருந்தால், மார்ச்சில் முடியும் ஆண்டில் புதிய 25 மில்லியனில் பாதியைத்தானே எண்ண வேண்டும்? பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். சந்தை விலைக்குப் புதிய பங்கு விற்றால் அப்படித்தான். வந்த பணம் ஆறு மாதம் மட்டுமே உழைத்திருக்கும். போனஸில் ஒரு சதமும் வருவதில்லை, ஒதுக்கத்தில் கிடந்த தொகை மூலதனக் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே அந்தப் பங்குகள் தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கருதி, ஒப்பீட்டு ஆண்டையும் திருத்த வேண்டும் என்கிறது இலங்கைக் கணக்கீட்டு நியமம் 33. ஆண்டு முடிந்த பின், கணக்குகள் அங்கீகரிக்கப்படுமுன் போனஸ் வழங்கினாலும் இதே விதிதான்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. 60 ரூபாய்ப் பங்கு போனஸுக்குப் பின் கணக்குப்படி 48க்கு இறங்கும். அந்த 48ஐப் பழைய 5ஆல் வகுத்து, “விலை உழைப்பைப் போல் 9.6 மடங்குதான், மலிவு” என்று தரகர் எவராவது சொன்னால் நம்பாதீர்கள். 4ஆல் வகுத்தால் 12 மடங்கு. போனஸுக்கு முன்பும் அதே 12தான். பழைய அறிக்கையொன்றிலிருந்து எண்ணை எடுக்கும்போது, புதிய அறிக்கையில் பங்கொன்றுக்கான உழைப்புக் குறிப்பைத் திறந்து, வகுத்த பங்குகளின் எண்ணிக்கையை ஒருமுறை பாருங்கள்.