ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கிறதா?

"ஐயா, நத்தம் பக்கம் செவல் நிலம். ஆடியில் டிராக்டர் மிஷின் வைத்து மூன்றடிக் குழி போட்டு, மறுநாளே குழிக்கு இரண்டு கூடை சாணி போட்டு, 40 இமாம்பசந்த் ஒட்டுக்கன்று நட்டேன். தினமும் கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர். இப்போது ஐப்பசியில் பதினைந்து கன்று இலை தொங்கி நிற்கிறது. உரக்கடையில் வேர் டானிக் எடுத்து வைத்திருக்கிறார்கள். எத்தனை மில்லி ஊற்றலாம்?"

ஒரு மில்லியும் வேண்டாம். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாடின கன்றுக்கு டானிக் நீட்டுகிற கடைக்காரர் தோட்டத்துக்கு வந்து குழியைப் பார்த்தாரா? பார்க்காமல் மருந்து சொல்கிறவரிடம் மண்வெட்டி வாங்கலாம், யோசனை வாங்கக்கூடாது.

நாளைக் காலையில் வாடின கன்று ஒன்றின் அடியில் கையால் மண்ணை விலக்குங்கள். ஒட்டுக் கட்டின இடம் தரைக்கு மேலே தெரிகிறதா, உள்ளே போய்விட்டதா? உள்ளே போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நடும்போது நீங்கள் சரியாகத்தான் வைத்திருப்பீர்கள். அப்புறம் இறங்கியது குழி. மக்காத சாணி மக்க மக்கச் சுருங்கும். அள்ளிப் போட்ட மண் தண்ணீர் பட்டு அமுங்கும். கன்றும் கூடவே கீழே போகும். சுற்றிலும் பள்ளம் விழுந்து, ஊற்றுகிற தண்ணீரெல்லாம் தண்டைச் சுற்றி நிற்கும். எப்போதும் ஈரத்தில் இருக்கிற பட்டை அழுகத் தொடங்கும். நானும் ஒருமுறை இப்படி அவசரப்பட்டு ஒரு வரிசைக் கன்றைப் புதைத்திருக்கிறேன்.

மிஷின் குழியில் இன்னொரு வினை உண்டு. களி கலந்த மண்ணில், அதுவும் ஈரமாக இருக்கும்போது, அந்தத் திருகு குழிச் சுவரைக் கொத்தனார் பூசினாற்போல் வழவழவென்று ஆக்கிவிடும். வேர் அதில் நுழைய முடியாமல் சட்டிக்குள் சுற்றுவதுபோல் உள்ளேயே சுற்றும். தண்ணீரும் வாளியில் நிற்பதுபோல் நிற்கும். மிஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்ட பிறகு கடப்பாரையால் சுவரை நாலு பக்கமும் கொத்திவிட வேண்டும், வாயையும் அகலப்படுத்த வேண்டும். வேர் பக்கவாட்டிலும் ஓடும். இளகின மண்ணில் இரண்டடி ஆழம் போதும். அகலம் மூன்றடி இருக்கட்டும். கெட்டி நிலத்துக்குத்தான் மூன்றுக்கு மூன்று. மேல்மண்ணில் பத்து கிலோ மக்கின தொழுவுரம் கலந்து குழியை நிரப்பி, இரண்டு தடவை தண்ணீர் விட்டு, பதினைந்து நாள் அமுங்க விட்டுத்தான் நட வேண்டும். பை மண்ணின் மேல்மட்டம் தரைக்கு இரண்டு விரல் உயரமாகவே நிற்கட்டும்.

இப்போது என்ன செய்வது? தண்டுப் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் பிழைக்கும். மழை மூட்டமான நாளில் கன்றைச் சுற்றி ஓரடி தள்ளி வெட்டி, மண் கட்டியோடு சாக்கில் தூக்கி, அடியில் மண் போட்டு மிதித்து, ஒட்டு தரைக்கு அரையடி மேலே வரும்படி வையுங்கள். இந்த இரண்டு மூன்று மாதத்தில் வேர் அதிக தூரம் போயிருக்காது, தாங்கும். ஒட்டில் பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால் அறுத்து எறியுங்கள். ஒட்டுக்கு மேலே காய்ந்து, கீழே மட்டும் துளிர்த்திருந்தால் அது இமாம்பசந்த் இல்லை, வெறும் நாட்டு மா. பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வையுங்கள். நன்றாக நிற்கிற இருபத்தைந்தையும் விலக்கிப் பாருங்கள். வாடுவதற்கு அவற்றின் முறை இன்னும் வராமல் இருக்கலாம்.

தினமும் குடம் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். மழை பெய்துகொண்டிருக்கும் வரை தண்ணீரே வேண்டாம், தேங்குவதை வடித்துவிட்டால் போதும். மழை நின்ற பிறகு, பை மண் இருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். சுற்று மண் ஈரமாக இருந்தும் பை மண் மட்டும் காய்ந்து கிடப்பது உண்டு, அதனால் எடுத்து வைத்த கன்றுக்கு முதல் ஒரு மாதம் அந்தக் கட்டிமேலேயே விட வேண்டும். அப்புறம் வட்டப்பாத்தியைத் தள்ளித் தள்ளி அகலப்படுத்துங்கள். ஒட்டு மூடாதபடி, தண்டடியில் மண் அணைத்து மேடாக இருக்கட்டும். தை, மாசியில் ஐந்து நாளைக்கு ஒருமுறை, பங்குனி, சித்திரையில் மூன்று நாளைக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் 15 லிட்டர். மண்ணைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். காய்ந்த இலை மூடாக்குப் போடும்போது தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் போடுங்கள். ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும்.

குச்சியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. நாற்றங்காலில் தண்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டின குச்சி அப்படியே இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். தண்டு கொஞ்சம் ஆடினால்தான் தடிக்கும். உங்கள் பக்கம் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும். முட்டுக்குச்சியை அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி, வேரைக் குத்தாமல் ஊன்றி, பழைய துணிக்கிழிசலால் எட்டுப் போட்டுத் தளர்வாக ஒரே கட்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டை இடம் மாற்றிக் கட்டுங்கள். அடுத்த ஆடிக்காற்று ஓய்ந்ததும் எடுத்துவிடலாம். தையில் பூ வந்தால் ஆசைப்படாமல் கிள்ளிப் போடுங்கள்.