குவிலென்சு, மைனஸ் குறி, ஐந்து அளவீடுகள்: கேள்வி பதில்

"u = 25, v = 37.5 போட்டா f = −75னு வருது சார். லென்சு கெட்டுப்போச்சா?"

லென்சு நல்லாத்தான் இருக்கு. லென்சிலிருந்து மெழுகுவர்த்திக்கு உள்ள தூரம் u, பிம்பம் விழும் திரைக்கு உள்ள தூரம் v, நாம் தேடும் குவியத்தூரம் f. 1/f = 1/v − 1/u என்ற சூத்திரம் கார்டீசியன் மரபுக்கானது. ஒளி போகும் திசை ப்ளஸ்; மெழுகுவர்த்தி அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பதால் u = −25.0 செ.மீ. இப்போது போட்டுப் பாருங்கள், f = +15.0. எந்த மரபு என்பதை அறிக்கையின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

"நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் காலத்தில் உண்மைப் பொருளும் உண்மைப் பிம்பமும் ப்ளஸ்தான். 1/f = 1/u + 1/v. மைனஸ் வம்பே கிடையாது."

அதுவும் முறையான மரபுதான் ஐயா. மேலே கேட்ட பிள்ளை உங்கள் எண்களை இந்தக் காலச் சூத்திரத்தில் போட்டதுதான் சிக்கல். ஆனால் மைனஸ் வம்பு அங்கேயும் உண்டு, மாயப் பிம்பம் வரும்போது தலைகாட்டும்.

"மாயப் பிம்பத்தை யார் திரையில் பிடிக்கப் போகிறார்கள்?"

இந்தச் சோதனையில் யாரும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

"திரையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தா v ஒவ்வொரு தடவையும் மாறுது. எதை எழுதுறது?"

எல்லாவற்றையும். u = −25.0 என்று வைத்து என் மாணவி எடுத்தவை: 37.2, 38.1, 37.5, 36.9, 37.8. சராசரி 37.5. திட்ட விலக்கம் 0.47, அதை √5 ஆல் வகுத்தால் சராசரியின் ஐயப்பாடு 0.2 செ.மீ.

இனி f-இன் ஐயப்பாடு δf-க்கு:

δf = f² × √((δu/u²)² + (δv/v²)²)

அளவுகோலிலும் தாங்கியிலும் சேர்த்து u-வுக்கு 0.1 என்று வைத்தோம். v-யின் பங்கு 0.03, u-வின் பங்கு 0.04. ஆக f = 15.00 ± 0.05 செ.மீ. ஆட்டம் காட்டிய v-யைவிட ஆடாமல் நின்ற u கொஞ்சம் அதிகமாகவே கெடுக்கிறது! தாங்கியின் குறி லென்சின் மையத்துக்கு நேராக இல்லாவிட்டால், நூறு முறை திரையை நகர்த்தினாலும் அந்தப் பிழை அப்படியே நிற்கும். தாங்கியை அப்படியே திருப்பி வைத்து, மெழுகுவர்த்தியிலிருந்து அதே 25.0-இல் இன்னும் ஐந்து எடுங்கள். இரண்டு சராசரிகளும் விலகி நின்றால் குறி தப்பு.

முதலில் தெளிவாகும் இடத்திலேயே நிறுத்தாதீர்கள். பிம்பம் மங்கும்வரை தாண்டிப்போய்த் திரும்பி வாருங்கள். முந்தைய எண்ணைப் பார்த்துக்கொண்டு அடுத்ததை எடுக்காதீர்கள்.

"என் கண்ணாடியை வச்சுப் பார்த்தேன், திரையில ஒண்ணுமே விழல."

கிட்டப்பார்வைக் கண்ணாடியா? அது குழிலென்சு. விழாது.

"சார், u = 20, f மைனஸ்ல வருது."

முதல் பதில்.

"எனக்கும் மைனஸ்தான்…"

முதல் பதில்!

"பெட்டியிலேயே 15 செ.மீ.னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு ±?"

உங்களுக்கு 15.3 வந்தால் பெட்டி தப்பா, நீங்கள் தப்பா என்று எப்படிச் சொல்வீர்கள்? ±0.4 என்றால் இரண்டுக்கும் சண்டையே இல்லை. ±0.05 என்றால் தாங்கியைப் போய்ப் பாருங்கள். பெட்டியில் ± போடவில்லை என்பதையும் கவனியுங்கள்.